பாம்பு துரத்துகிறது, கடிப்பதில்லை: கனவுப் பலன் பார்ப்பதா, மனநலக் கண்ணோடு பார்ப்பதா?

வாணி, ஒயிட்ஃபீல்டு

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், இப்போது பெங்களூரில் வேலை. கொஞ்ச காலமாக ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. ஊரில் ஆச்சி வீட்டு மச்சுப்படியில் ஏறிக்கொண்டிருக்கிறேன். கையில் ஒரு ஃபைல். பின்னாலேயே ஒரு பாம்பு வருகிறது. படமெடுக்கவில்லை, சீறவில்லை, வந்துகொண்டே இருக்கிறது. படி முடிவதே இல்லை. கடிக்கப்போகிறது என்று நினைக்கும்போது முழிப்பு வந்துவிடும். மணி பார்த்தால் விடிகாலை நாலரை, ஐந்து இருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன், அதுதான் சிக்கலாகிவிட்டது. துரத்தும் பாம்பு ஆகாது, விடிகாலைக் கனவு சீக்கிரம் பலிக்கும், இது நாக தோஷம் என்கிறார். நாங்கள் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். பரிகாரம் முடியும் வரை பத்திரப் பதிவு கூடாது என்று ஒரே பிடிவாதம். வீட்டுக்காரர் இதெல்லாம் வெறும் டென்ஷன், தண்ணீர் குடித்துவிட்டுப் படு என்கிறார். எனக்கு இரண்டு பதிலும் ஒட்டவில்லை. பலன் தெரிந்தவர்களும் மனநலம் படித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். இந்தக் கனவை எப்படிப் பார்ப்பது?

அல்சூர் சுந்தரம்

அம்மா வாணி, உன் தாயார் சொன்ன பலன் சரிதான். பஞ்சாங்கத்தில் வருவதைச் சொல்கிறேன். பாம்பு துரத்தினால் கஷ்டமும் பணமுடையும். காலைச் சுற்றினால் சனி பிடிக்கும். ஒற்றைப் பாம்பு பகை, இரட்டைப் பாம்பு நன்மை. பாம்பை அடித்துக் கொன்றால் பகை ஒழியும். கழுத்தில் மாலை மாதிரி விழுந்தால் செல்வம். கடித்துவிட்டால் தனலாபம், பிடித்த கஷ்டம் அதோடு விட்டது என்று அர்த்தம். முன்சாமக் கனவு பலிக்க ஒரு வருடம் ஆகும், விடிகாலைக் கனவுக்குப் பத்து நாள் கணக்கு.

ஆனால் இதைக் கேட்டுப் பயப்படக் கூடாது. பாம்பு நமக்கு எதிரி இல்லை. உங்கள் ஊர்க் கோயிலிலேயே புற்றுமண்தான் பிரசாதம். வெள்ளியில் ஒரு நாக உரு வாங்கிக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வரச் சொல். ஊருக்குப் போக முடியாவிட்டால் இங்கே தொட்டபள்ளாபுரம் பக்கம் காட்டி சுப்ரமண்யா இருக்கிறது, ஒரு காலைப் பொழுதில் போய்வரலாம்.

கிஷோர்

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? ஃப்ராய்ட் அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார். கனவில் பாம்பு வந்தால் அது ஆண்குறி, அடக்கி வைத்த பாலியல் ஆசை. மாடிப்படி ஏறுவதும் அவருக்கு அதே அர்த்தம்தான். பஞ்சாங்கத்தில் இருப்பது மூடநம்பிக்கை, இது அறிவியல்.

கனகபுரா ரோடு ரவி

எங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டிலும் இதே பிரச்சினைதான். மழைக்குப் பிறகு என் பைக்குக் கீழே பெரிய பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. செக்யூரிட்டி கம்பை எடுத்துவிட்டார். நான் தடுத்துப் பாம்பு பிடிப்பவரை வரவழைத்தேன். வந்து பார்த்தவர் சாரைப் பாம்பு, விஷம் கிடையாது, எலிக்காக வந்திருக்கிறது என்று பையில் போட்டு எடுத்துப் போனார். உங்கள் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் எலி வளை, ஓட்டை ஏதாவது இருந்தால் முதலில் அடையுங்கள். நம்பர் வேண்டுமானால் தனிச்செய்தியில் தருகிறேன்.

வாணி, ஒயிட்ஃபீல்டு

ரவி அண்ணா, நிஜப் பாம்பு இல்லை, கனவில் வருவது. ஆனாலும் நன்றி.

கனகபுரா ரோடு ரவி

அவசரத்தில் படித்துவிட்டேன் தங்கச்சி. ஆனால் ஒன்று, அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்கும் கனவில் பாம்புதான். எல்லாம் பேஸ்மெண்டிலேயே நடக்கும். பிறகு தானாகவே நின்றுவிட்டது.

தேன்மொழி, ஜெயநகர்

நான் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். கெட்ட கனவால் தூக்கம் போய் வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ரவி சார் யதேச்சையாகச் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பழைய ஆயுர்வேத மருத்துவ நூலான சரக சம்ஹிதையில் கனவுகளை ஏழு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கண்டது, கேட்டது, அனுபவித்தது, விரும்பியது, கற்பனை செய்தது என்று ஐந்து. வரப்போவதைக் காட்டுவது ஆறாவது. வாத பித்த கபக் கோளாறால் வருவது ஏழாவது. இதில் முதல் ஐந்துக்கும் பலன் கிடையாது என்று அதே நூல் சொல்லிவிடுகிறது. ரவி சார் பாம்பைக் கண்ணால் பார்த்தார், அது ஒரு வாரம் கனவில் வந்தது. பழைய மருத்துவர் ஒருவரிடம் அவர் போயிருந்தால் "இது கண்டது, பலன் இல்லை, போய்ப் படு" என்று சொல்லியிருப்பார். இன்றைக்கு என்னிடம் வந்தாலும் நான் கிட்டத்தட்ட அதையேதான் சொல்வேன்.

பஞ்சாங்கத்தின் கனவுப் பலன் பக்கத்தில் இந்த முதல் கேள்வி இல்லை. யார் கண்ட கனவு, அவர் சமீபத்தில் எதைப் பார்த்தார், எதைக் கேட்டார், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று விசாரிக்காமல் நேராகப் "பாம்பு துரத்தினால் கஷ்டம்" என்பதில் அது தொடங்குகிறது. பலன் பார்ப்பதில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். மரபில் அந்தக் கேள்வி இல்லாமலில்லை. கைக்கு அடக்கமான பட்டியலாகச் சுருங்கும்போது அது உதிர்ந்துவிட்டது.

கிஷோர், நீங்கள் சொல்வது பாதி சரி. ஃப்ராய்ட் பாம்பை ஆண்குறிக் குறியீடாகச் சொன்னது உண்மை, படிக்கட்டைப் பற்றிச் சொன்னதும் உண்மை. ஆனால் அவருடைய அடிப்படை முறை அது இல்லை. கனவின் ஒவ்வொரு துண்டையும் எடுத்துக்கொண்டு, இதை நினைத்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று கனவு கண்டவரையே பேசவிடுவதுதான் முறை. குறியீடுகள் பற்றிய பகுதி பின்னால் வந்த பதிப்புகளில்தான் பெருகியது. பாம்பென்றால் எல்லோருக்கும் இன்னதுதான் என்று நீங்கள் எழுதும்போது, நீங்களும் ஒரு பஞ்சாங்கத்தைத்தான் கையில் வைத்திருக்கிறீர்கள். அவர் சொன்னதெல்லாம் இன்றைய தூக்க ஆய்வில் நிரூபணமானதும் இல்லை.

வாணி, நான்கு விஷயம் சொல்லுங்கள். கனவு எப்போது ஆரம்பித்தது? அந்தப் படியில் ஏறும்போது மனதில் இருப்பது பயமா, அருவருப்பா, அவசரமா? அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று கனவில் உங்களுக்குத் தெரியுமா? புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

அல்சூர் சுந்தரம்

தேன்மொழி அம்மா, பஞ்சாங்கத்தில் அந்தக் கேள்வி இல்லாமல் இருக்கலாம், வீட்டில் இருந்தது. என் பாட்டியிடம் கனவு சொன்னால் முதலில் "ராத்திரி என்ன தின்றாய், யாரிடம் சண்டை போட்டாய்" என்றுதான் கேட்பார். அதற்குப் பிறகுதான் பலன். ஆனால் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால் அதைக் கண்டது கேட்டது என்று தள்ளிவிட முடியாது. அது சொல்ல வருகிறது என்பதுதான் பெரியவர்கள் கருத்து. விடிகாலைக் கணக்கையும் யாரும் சும்மா எழுதி வைக்கவில்லை.

தேன்மொழி, ஜெயநகர்

ஐயா, திரும்பத் திரும்ப வருவதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதில் நானும் உங்களோடுதான் நிற்கிறேன்.

விடிகாலைக்கு எனக்கு வேறு விளக்கம் இருக்கிறது. தூக்கத்தில் கண் வேகமாக உருளும் ஒரு கட்டம் உண்டு. 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் அதை எழுதி வெளியிட்டார்கள். கோர்வையான, காட்சி நிறைந்த கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வரும். அது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து போகும். இரவின் முதல் பாதியில் சில நிமிடங்களோடு முடிந்துவிடும், விடியும் நேரத்தில் நீண்டு நிற்கும். அதன் நடுவில் விழிப்பு வந்தால் கனவு அப்படியே ஞாபகத்தில் இருக்கும். முன்சாமக் கனவை நாம் விடிவதற்குள் மறந்துவிடுகிறோம். ஞாபகம் இருக்கும் கனவைத்தான் நாள் முழுக்க நடப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று பொருந்திவிட்டால் பலித்தது என்போம். நம் முன்னோர் விடிகாலைக் கனவுக்குத் தனி இடம் கொடுத்ததற்கு அடியில் ஒரு நல்ல கவனிப்பு இருக்கிறது. பத்து நாள் என்ற கணக்கைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பானஸ்வாடி செல்வி

வாணி அக்கா, உங்கள் இழையில் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் மாமனாருக்கும் பாம்புக் கனவுதான். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தூக்கத்திலேயே "பாம்பு, பாம்பு" என்று கத்தி, கையால் ஓங்கி அடிக்கிறார், காலால் உதைக்கிறார். போன வாரம் பக்கத்து ஸ்டூலில் இருந்த சொம்பு பறந்து சுவரில் மோதியது. அத்தை இப்போது கீழே பாய் போட்டுப் படுக்கிறார். எழுப்பினால் உடனே தெளிந்து, பாம்பு கட்டிலில் ஏறியது, அதைத்தான் அடித்தேன் என்று கனவை முழுதாகச் சொல்கிறார். மாமனார் வீட்டில் வேப்பிலை அடிக்கச் சொல்கிறார்கள். இதுவும் மனசு சம்பந்தப்பட்டதா?

தேன்மொழி, ஜெயநகர்

செல்வி, இதற்குப் பலனும் தேட வேண்டாம், மன விளக்கமும் தேட வேண்டாம். இவரை நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நான் சொன்ன அந்தத் தூக்கக் கட்டத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்கும். கனவில் ஓடினாலும் படுக்கையில் கால் ஓடாது. சிலருக்கு, அதிகமாக ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு, அந்தத் தளர்ச்சி வராமல் போகிறது. கனவில் செய்வதைக் கையும் காலும் அப்படியே செய்யும். விலங்கோ ஆளோ தாக்க வருவதும், அதைத் தாங்கள் தடுப்பதும் இவர்கள் அடிக்கடி சொல்லும் கனவு. எழுப்பியதும் தெளிவதும், கனவும் கையசைவும் ஒத்துப்போவதும் இதற்கான அடையாளங்கள்.

இதை லேசாக விடக் கூடாது. இப்படி வருபவர்களில் பலருக்குச் சில வருடங்கள் கழித்து பார்க்கின்சன் போன்ற நோய் தெரியவருகிறது. எல்லோருக்கும் வரும் என்றில்லை, சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் இந்த உதைப்பு வரலாம். அதனால் அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள். ஓர் இரவு தூங்கவைத்துப் பதிவு செய்யும் பரிசோதனை இருக்கிறது, அதில் தெளிவாகிவிடும். அதுவரை கட்டில் பக்கத்தில் சொம்பு, கண்ணாடி, கூர்முனை உள்ள மேஜை எதுவும் வேண்டாம். அத்தை தனியாகவே படுக்கட்டும்.

வாணி, ஒயிட்ஃபீல்டு

செல்வி, குறுக்கே வந்தது நல்லதாகப் போயிற்று. முதலில் மாமாவைப் பாருங்கள்.

அக்கா, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஆரம்பித்தது மழைக்காலத் தொடக்கத்தில். ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்ததும் அப்போதுதான். மனதில் இருப்பது பெரிய பயம் இல்லை, அவசரம் என்றுதான் சொல்ல வேண்டும். மேலே போய் அந்த ஃபைலை யாரிடமோ கொடுக்க வேண்டும், அதற்குள் இது வந்துவிடுகிறது. ஃபைலில் என்ன இருக்கிறது என்று கனவில் தெரியாது. ஆனால் நீங்கள் கேட்டபோது சட்டென்று நினைவுக்கு வந்தது கத்தா, அதாவது மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டு ஆவணம். நாங்கள் பார்த்த ஃபிளாட்டுக்கு ஏ கத்தாவா பி கத்தாவா என்று பில்டர் தரப்பில் இன்னும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. பி கத்தா என்றால் வங்கிக் கடன் இழுக்கும் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். அழுத்திக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், தள்ளிப்போடுகிறேன். கொடுத்த முன்பணம் அப்பாவின் ஓய்வுப் பணத்திலிருந்து வந்தது.

மாத்திரை என்றால், ஒற்றைத் தலைவலிக்கு ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறேன். அதுவும் கிட்டத்தட்ட அதே சமயம் ஆரம்பித்ததுதான். இதை ஏன் கேட்டீர்கள்?

கிஷோர்

சரி, நான் கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன். இவ்வளவு விவரம் வந்த பிறகு என் பதில் இந்தக் கனவுக்கு ஒட்டவில்லை. ஆனால் தேன்மொழி மேடம், பாம்பே ஏன் வர வேண்டும்? கத்தா கவலை என்றால் பில்டரே துரத்தலாமே.

தேன்மொழி, ஜெயநகர்

ப்ரோப்ரனலால் சிலருக்குக் கனவை மிகத் தெளிவாகவும் கெட்ட கனவாகவும் ஆக்கும். மருத்துவர்களுக்குத் தெரிந்த பக்கவிளைவுதான் இது. உங்களுக்கு அதனால்தான் என்று நான் சொல்ல முடியாது, மருந்து எழுதியவரிடம் சொல்லுங்கள். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இந்த மாத்திரையைச் சட்டென்று விட்டால் படபடப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். மாற்றுவதா, குறைப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

கிஷோர் கேட்டது நல்ல கேள்வி. பாம்பை வேகமாகக் கவனிப்பது மனிதருக்குக் கைவந்தது. பூக்களுக்கு நடுவில் ஒரு பாம்புப் படத்தை வைத்தால், பாம்புகளுக்கு நடுவில் இருக்கும் பூவைக் கண்டுபிடிப்பதைவிட வேகமாக அதைக் கண்டுபிடித்துவிடுகிறோம். சின்னக் குழந்தைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும் ஆபத்துக்கு மனது ஓர் உருவம் தேடும்போது பாம்பு சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. அதோடு வாணி வளர்ந்தது பாம்பு உருவைக் காணிக்கையாகப் போடும் ஊரில். வேறு ஊர்க்காரருக்கு அங்கே நாய் வந்திருக்கலாம். இதற்கு மேல் ஏன் பாம்பு என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது பாம்பு கடிக்காமலே இருப்பது. கடித்தால் தனலாபம், துரத்தினால் கஷ்டம் என்று சுந்தரம் ஐயா சொன்னாரே, அதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். கடி விழுந்துவிட்டால் ஏதோ ஒன்று நடந்து முடிந்துவிட்டது. துரத்தல் முடிவதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் தினமும் தள்ளிப்போடுகிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தள்ளிப்போடுதலின் உணர்ச்சியும் படியில் ஏறும்போது வரும் உணர்ச்சியும் ஒன்றா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லி நீங்கள் தலையாட்டினால் அது விளக்கம் ஆகாது.

ஒரு பயிற்சியும் இருக்கிறது. திரும்ப வரும் கெட்ட கனவுக்குப் பலகாலமாகப் பயன்படுத்துவது. பகலில் உட்கார்ந்து கனவை எழுதுங்கள். பிறகு எந்த இடத்தில் வேண்டுமானாலும் உங்கள் இஷ்டப்படி மாற்றி எழுதுங்கள். மாற்றிய கனவை மட்டும் தினமும் பத்து, இருபது நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டிப் பாருங்கள். பழையதைத் திரும்ப ஓட்ட வேண்டாம். பெரிய விபத்து, வன்முறைக்குப் பிறகு வரும் கனவென்றால் இதைத் தனியாகச் செய்யாமல் ஒருவர் துணையோடு செய்ய வேண்டும்.

அல்சூர் சுந்தரம்

மாற்றி எழுதுவதானால் நான் ஒன்று சொல்கிறேன் வாணி. ஊரில் நல்ல பாம்பு குறுக்கே வந்தால் யாரும் ஓடமாட்டார்கள், அடிக்கவும் மாட்டார்கள். ஒதுங்கி நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, "போய்விடு தாயே" என்பார்கள். அதுவும் தன் வழியில் போகும். படியில் ஓர் ஓரமாக நின்று அதற்கு வழி விடு.

வாணி, ஒயிட்ஃபீல்டு

ஐயா சொன்னதையே எழுதினேன். படியில் சுவரோரம் ஒதுங்குகிறேன், பாம்பு என்னைத் தாண்டி மேலே போகிறது. எழுதும்போதே மூச்சு கொஞ்சம் இலகுவாயிற்று. தள்ளிப்போடும் உணர்ச்சி அதுதானா என்று கேட்டீர்களே அக்கா, ஆமாம், வயிற்றில் அதே இழுப்பு.

வாணி, ஒயிட்ஃபீல்டு

கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன். மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றினார், பழையதைப் படிப்படியாகக் குறைத்தார். பயிற்சியை இரவு படுக்கும் முன் செய்கிறேன். அம்மா எனக்குச் சொல்லாமலேயே கோயிலில் வெள்ளி உரு போட்டுவிட்டார். கனவு குறைந்திருக்கிறது. ஒரு தடவை வந்தது, ஆனால் பாம்பு படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. அம்மா தோஷம் கழிந்தது என்கிறார். வீட்டுக்காரர் மாத்திரைதான் காரணம் என்கிறார்.

அல்சூர் சுந்தரம்

தாயார் போட்ட காணிக்கை வீண் போகாது. என் கருத்து அதுதான், மாற்றிக்கொள்ளமாட்டேன்.

தேன்மொழி, ஜெயநகர்

மூன்றும் ஒரே சமயத்தில் நடந்திருப்பதால் எது வேலை செய்தது என்று பிரிக்க வழியில்லை. அம்மா நிம்மதியானதால் உங்கள் வீட்டில் தினசரி வாக்குவாதம் நின்றிருக்கும், அதையும் நான் கணக்கில் எடுப்பேன். கனவு மறுபடி வந்தால் அன்றைய தேதியும் அன்று பகலில் என்ன நடந்தது என்பதும் ஒரு வரி எழுதி வையுங்கள். பில்டரிடம் கேட்டீர்களா?

வாணி, ஒயிட்ஃபீல்டு

கேட்டுவிட்டேன் அக்கா. வழக்கம் போல அடுத்த வாரம் என்றார்கள். கத்தா நகல் கைக்கு வராமல் பதிவுக்கு வரமாட்டேன் என்று மெயில் போட்டேன். மற்ற காகிதங்களை வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதிவைத் தள்ளிவைத்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம், காரணம் வேறு என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.

பானஸ்வாடி செல்வி

மாமனாரைக் கூட்டிப் போனோம். நடக்கச் சொல்லி, விரல்களைத் தட்டச் சொல்லிப் பார்த்தார்கள். வாசனை தெரிகிறதா, மலச்சிக்கல் உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். அவருக்கு ரொம்ப நாளாகவே காபி வாசனை தெரியவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. தூக்கப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அக்கா, அன்று ராத்திரி கூட ஒருவர் இருக்க விடுவார்களா? அவருக்குக் கன்னடம் சரியாக வராது.

தேன்மொழி, ஜெயநகர்

பெரும்பாலும் விடுவார்கள், ஆனால் இடத்துக்கு இடம் மாறும். முன்னாலேயே ஃபோனில் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் அத்தையை அனுப்புங்கள். ராத்திரியில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர் அவர்தான், மருத்துவர் கேட்பதும் அதைத்தான். அதற்குள் ஒரு நாள் அவர் கையை வீசுவதை மொபைலில் வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.